இலவச பஸ் நேர ஆப்: வெளியீட்டு கேப்ஷனை முதல் வரியிலிருந்து கமெண்ட் வரை எழுதும் முறை

பஸ் நேரம் காட்டும் ஆப்பை வெளியிடும்போது போடும் கேப்ஷனை, தினமும் பஸ் ஏறுகிறவர்கள் அப்படியே நம்பி நடப்பார்கள். "7.42க்கு பஸ்" என்று ஆப் சொன்னால் 7.38க்கு ஸ்டாப்பில் வந்து நிற்பார்கள். அந்த 7.42 எங்கிருந்து வந்த நேரம் என்பதைக் கேப்ஷன் சொல்லாமல் விட்டால், முதல் நாளே "பஸ் வரவே இல்லை" என்று ஒற்றை நட்சத்திர மதிப்பீடு விழும். ஆப் சரியாகத்தான் வேலை செய்திருக்கும், ஆனால் கேப்ஷன் வேறொன்றைச் சொல்லியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டி வார்த்தை அலங்காரத்தில் தொடங்காமல் தரவிலிருந்து தொடங்குகிறது.

முதலில், எந்த நேரத்தைக் காட்டுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கேப்ஷன் எழுதுபவர் பெரும்பாலும் ஆப்பைக் கட்டியவர் அல்ல. எழுத உட்காரும் முன் கட்டியவரோடு அரை மணி நேரம் பேசிவிடுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆப் காட்டுவது அட்டவணை நேரமா, நேரலை நேரமா?

உலகத்தின் பல ஊர்களில் பஸ் தரவு ஜி.டி.எஃப்.எஸ். என்ற வடிவத்தில் வருகிறது. அது உண்மையில் சில எளிய உரைக் கோப்புகளின் தொகுப்பு. எந்த பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது `stop_times.txt` கோப்பில் இருக்கும். இது அட்டவணை, அதாவது பஸ் வர வேண்டிய நேரம். பஸ் உண்மையில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பது தனி நேரலைத் தரவாக வரும். அதில் வண்டியின் இடம் மட்டும் வரலாம், அல்லது இன்னும் எத்தனை நிமிடத்தில் ஸ்டாப்புக்கு வரும் என்ற கணிப்பும் சேர்ந்து வரலாம். இந்த நேரலைத் தரவைக் குறைந்தது 30 வினாடிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 90 வினாடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது அந்த வடிவத்துக்கான பரிந்துரை. எல்லாரும் அதைப் பின்பற்றுவதில்லை. பின்பற்றினாலும் திரையில் தெரிகிற பஸ் ஒரு நிமிடத்துக்கு முன்பு இருந்த இடத்தில் இருக்கலாம். ஆகவே "பஸ் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி காட்டும்" என்று கேப்ஷனில் எழுதவே கூடாது.

அட்டவணையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தொடங்கும் இடம், பெரிய நிறுத்தங்கள், சேரும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் பல நிர்வாகங்கள் நேரம் வகுக்கின்றன. இடையில் இருக்கும் சின்ன ஸ்டாப்களின் நேரம் தூரத்தை வைத்துப் பிரித்துப் போட்டதாக இருக்கும். கோப்பில் `timepoint` என்ற நெடுவரிசை இருந்தால் பாருங்கள். 1 என்றால் அந்த நேரம் கறாரானது, 0 என்றால் தோராயம். உங்கள் தரவில் பெரும்பாலான ஸ்டாப்களுக்கு 0 இருந்தால் "ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் துல்லியமான நேரம்" என்ற வரியை மறந்துவிடுங்கள். அந்த வரிதான் எல்லார் கைக்கும் முதலில் வரும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு வகைத் தடமும் இருக்கிறது. அதற்கு மணிக் கணக்கே கிடையாது, இத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று மட்டும் வகுத்திருப்பார்கள். அந்தத் தடங்கள் `frequencies.txt` கோப்பில் இருக்கும். அவற்றுக்கு ஆப் ஒரு மணியைக் காட்டினாலும் அது கணக்குப் போட்டு எடுத்ததுதான். கேப்ஷனில் அத்தகைய தடங்களைப் பேசுவதாக இருந்தால் இடைவெளியைச் சொல்லுங்கள், மணியைச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, `calendar.txt` கோப்பில் `end_date` என்ன தேதி என்று கேளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் புதிய தரவு வரும்வரை ஆப்பில் பஸ்ஸே தெரியாமல் போகலாம். கேப்ஷன் ஒரு வாரத்தில் மறைவதில்லை, மாதக்கணக்கில் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். அட்டவணை இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது என்றால் வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, புது அட்டவணையோடு வெளியிடுவதே மேல்.

முதல் வரி: இடம் நினைப்பதைவிடக் குறைவு

இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் 2,200 எழுத்து வரை போகலாம். ஆனால் படத்துக்குக் கீழே முதலில் தெரிவது சுமார் 125 எழுத்துதான், மிச்சத்தைப் படிக்கத் தட்டித் திறக்க வேண்டும். காலை அவசரத்தில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் திறக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது இந்த 125 இன்னும் சுருங்கும். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது பல நேரம் கணினிக்கு இரண்டாக இருக்கும். மெய்யும் அதன் மேல் ஏறும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும், புள்ளியும் அப்படித்தான். "பேருந்து" கண்ணுக்கு நான்கு எழுத்து, எண்ணிக்கையில் எட்டு. "நேரம்" மூன்று எழுத்து, எண்ணிக்கையில் ஐந்து. ஆங்கிலக் கேப்ஷன்களுக்கு எழுதிய அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ் வரி நடுவில் வெட்டுப்படுவதற்குக் காரணம் இதுதான். எண்ணிப் பார்க்க, கணினி உலாவியின் கன்சோலில் இப்படிப் போட்டால் போதும்:

```
"பேருந்து".length
```

8 என்று வரும். உங்கள் வரியை மேற்கோள் குறிக்குள் ஒட்டி எண்ணிக்கொள்ளுங்கள். எக்ஸ் தளத்தில் எல்லை 280, அங்கும் தமிழ் இதே கணக்கில்தான் எண்ணப்படும். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அங்கே 23 எழுத்தாகவே கணக்கு.

125 எழுத்துக்குள் என்ன வைப்பது? தினமும் பஸ் ஏறுகிறவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் கேள்வியை வையுங்கள். அந்தக் கேள்வி "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்பதுதான். அப்புறம் அதற்கு ஆப் என்ன செய்கிறது, என்ன செலவு, அவ்வளவுதான். ஆப்பின் பெயர் முதல் வரியில் வர வேண்டியதே இல்லை. பெயர் கணக்கிலும் படத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, அதை இதுவரை யாரும் கேள்விப்பட்டதும் இல்லை. "மகிழ்ச்சியுடன் அறிமுகப்படுத்துகிறோம்" என்ற ஒரே தொடர் 36 எழுத்தைத் தின்றுவிடும், படிக்கிறவருக்கு அதில் கிடைப்பது ஒன்றும் இல்லை.

"இலவசம்" என்பதை முழுசாகச் சொல்லுங்கள்

இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் மக்கள் மனதில் இன்னும் சில கேள்விகள் எழும். விளம்பரம் வருமா? போன் நம்பர் கேட்குமா? நான் எங்கே இருக்கிறேன் என்று எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்குமா? கொஞ்ச நாள் கழித்துக் காசு கேட்குமா? கேப்ஷன் பதில் சொல்லாவிட்டால் கமெண்டில் இவையே வரும். அங்கே ஒருவர் தப்பாகப் பதில் சொன்னால் அதுவே பரவிவிடும்.

இருப்பிட அனுமதியைப் பற்றி ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். பஸ் ஆப் இருப்பிடம் கேட்பது நியாயம்தான், பக்கத்தில் இருக்கும் ஸ்டாப்பைக் காட்ட அது தேவை. ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "மறுத்தாலும் ஸ்டாப் பெயரைத் தேடிப் பார்க்கலாம்" என்ற ஒரு வரி போதும். இதை எழுதும் முன் ஒரு போனில் உண்மையிலேயே அனுமதியை மறுத்துவிட்டு, ஆப் திறக்கிறதா, தேட முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூகுள் பிளேயில் ஒரு விதி இருக்கிறது. ஆப்பின் பெயரிலும் ஐகானிலும் "இலவசம்", "சிறந்தது", "விளம்பரம் இல்லை" போன்ற விளம்பரச் சொற்களை அனுமதிப்பதில்லை. கேப்ஷனில் தாராளமாக எழுதலாம். கேப்ஷனில் நன்றாக இருக்கிறதே என்று அந்த வரியை அப்படியே ஸ்டோர் தலைப்புக்குக் கொண்டுபோனால்தான் சிக்கல்.

அதோடு, உங்கள் ஆப் போக்குவரத்து நிர்வாகம் நடத்துவது இல்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரசுத் தகவலைக் காட்டும் ஆப்கள் தகவலின் மூலத்தைக் குறிப்பிட்டு, தாங்கள் அரசைச் சார்ந்தவர்கள் அல்ல என்றும் தெரிவிக்க வேண்டும் என்று கூகுள் பிளே கேட்கிறது. அது கொள்கைக்காக மட்டும் இல்லை. பஸ் வராத அன்று மக்கள் புகார் சொல்ல சரியான கதவைத் தட்டவும் அது உதவும்.

ஓர் ஆப்பை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்

ஒரு ஆப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 40 தடங்களின் அட்டவணை இருக்கிறது. அவற்றில் 9 தடங்களுக்கு மட்டும் நேரலை உண்டு. அட்டவணை போனிலேயே சேமிக்கப்படுவதால் நெட் இல்லாமலும் பார்க்கலாம், நேரலைக்கு நெட் வேண்டும். ஆண்ட்ராய்டில் மட்டும் வருகிறது. விளம்பரம் இல்லை, பதிவு இல்லை.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

> அன்பான பயணிகளே! உங்கள் நீண்ட நாள் காத்திருப்பு முடிந்தது! அனைத்து பேருந்துகளின் துல்லியமான நேரத்தையும் நேரலையில் உங்கள் விரல் நுனியில் தரும் முற்றிலும் இலவச செயலி இதோ! இணையம் இல்லாமலும் இயங்கும்! உடனே தரவிறக்கம் செய்யுங்கள்!

இதில் "அனைத்து" பொய், இருப்பது 40 தடம்தான். "துல்லியமான" என்பதற்குத் தரவில் ஆதாரம் இல்லை. "நேரலையில்" என்பது 9 தடங்களுக்கு மட்டும் பொருந்தும். "இணையம் இல்லாமலும் இயங்கும்" என்பது தனியே பார்த்தால் சரி, ஆனால் நேரலையோடு ஒட்டி வரும்போது நெட் இல்லாமலே நேரலை தெரியும் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ஐபோன் வைத்திருப்பவர் இணைப்பைத் தட்டி ஏமாந்து திரும்புவார். இவ்வளவுக்கும் பிறகு, 125 எழுத்துக்குள் தெரியும் பகுதியில் இது இலவசம் என்பதே வராது.

திருத்தி எழுதியது இது:

> அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? ஸ்டாப் பெயரைத் தட்டினால் அட்டவணை நேரம் வரும். நெட் வேண்டாம், காசும் வேண்டாம்.
>
> இப்போது 40 தடங்கள் இருக்கின்றன. உங்கள் தடம் இருக்கிறதா என்று டவுன்லோடு செய்யும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், முழுப் பட்டியல் இரண்டாவது படத்தில் இருக்கிறது.
>
> 9 தடங்களில் பஸ் இப்போது எங்கே வருகிறது என்பதும் தெரியும். அந்த நேரத்துக்குப் பக்கத்தில் "நேரலை" என்று இருக்கும், இதற்கு மட்டும் நெட் வேண்டும். அந்தச் சொல் இல்லாத நேரம் அட்டவணைப்படி உள்ளது. சாலை நெரிசலில் பஸ் தாமதமானால் அதில் தெரியாது.
>
> விளம்பரம் இல்லை. பதிவு செய்ய வேண்டாம், போன் நம்பர் கேட்காது. பக்கத்து ஸ்டாப்பைக் காட்ட மட்டும் இருப்பிட அனுமதி கேட்கும். மறுத்தாலும் ஸ்டாப் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.
>
> இப்போதைக்கு ஆண்ட்ராய்டு போனில் மட்டும். இது போக்குவரத்து நிர்வாகத்தின் ஆப் அல்ல, நிர்வாகம் வெளியிட்ட அட்டவணையிலிருந்து நேரங்களை எடுத்திருக்கிறோம்.
>
> நேரம் தவறாக இருந்தால் தட எண், ஸ்டாப், மணி மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள்.

முதல் பத்தி 104 எழுத்து, ஆகவே வெட்டுப்படாமல் தெரியும். அதில் "அட்டவணை" என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால் வரி இன்னும் இனிமையாக ஓடும், ஆனால் உண்மை போய்விடும். "நெட் வேண்டாம்" என்பது அட்டவணைக்குத்தான் பொருந்தும் என்பதும் அந்த ஒரு சொல்லால்தான் நிற்கிறது.

"சாலை நெரிசலில் பஸ் தாமதமானால் அதில் தெரியாது" என்ற வரியைப் பார்த்ததும் குழுவில் யாராவது "நம் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்பார்கள். அந்த வரியைக் காப்பாற்றுங்கள். தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு அட்டவணை என்றால் என்ன, நெரிசல் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். எது எது என்று சொல்லிவிட்டால் அவரே ஐந்து நிமிடம் கூட்டிக் குறைத்துக்கொள்வார். சொல்லாவிட்டால் ஆப் பொய் சொல்கிறது என்று நினைத்து அழித்துவிடுவார்.

தடப் பட்டியலைப் படமாக இரண்டாவது இடத்தில் வைப்பதும் காரணத்தோடுதான். 40 தட எண்களைக் கேப்ஷனுக்குள் கொட்டினால் மற்றது எதுவும் கண்ணில் படாது. படத்தில் எண்களை ஏறு வரிசையில், போன் திரையில் பெரிதாக்காமலே படிக்கிற அளவில் போடுங்கள். நேரலை உள்ள 9 எண்களைத் தனிக் கட்டமாகக் காட்டுங்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் புரியாது. படத்துக்கான மாற்று உரையிலும் எண்களை எழுதிவிடுங்கள், திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

இணைப்பு

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடும் இணைப்பைத் தட்டித் திறக்க முடியாது. அங்கே முகப்பில் இணைப்பை வைத்து, "இணைப்பு முகப்பில்" என்று கேப்ஷனில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் எக்ஸிலும் நேரே ஒட்டலாம்.

இந்த மாதிரிச் செய்தி அதிகம் பயணிப்பது குழுக்களில் முன்னனுப்பும்போதுதான். எந்த வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிய, தளத்துக்குத் தளம் சற்று மாறுபட்ட இணைப்பைக் கொடுங்கள். பிளே ஸ்டோர் இணைப்பின் இறுதியில் `referrer` சேர்த்தால் போதும்:

```
https://play.google.com/store/apps/details?id=com.example.bus&referrer=utm_source%3Dwhatsapp%26utm_campaign%3Dlaunch
```

`%3D` என்பது சமக்குறி, `%26` என்பது `&`. இவற்றை இப்படியே குறியீடாக எழுத வேண்டும். வெறும் `&` போட்டால் அதற்குப் பிறகு வருவது `referrer` மதிப்பில் சேராது. `com.example.bus` இருக்கும் இடத்தில் உங்கள் ஆப்பின் ஐடியைப் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, எக்ஸுக்கு ஒன்று என்று `whatsapp` இருக்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு இணைப்பையும் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். ஆப் இன்னும் சோதனை நிலையில் இருந்தால் உங்கள் போனில் மட்டும் திறக்கும், மற்றவர்களுக்குப் பக்கமே கிடைக்காது. வெளியீட்டு நாளில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது.

முன்னனுப்பும்போது படம் தனியாகவும் போகும், எழுத்து பின்தங்கிவிடும். ஆகவே முதல் படத்திலேயே ஆப் பெயரும் "ஆண்ட்ராய்டு, இலவசம்" என்பதும் இருக்கட்டும்.

ஸ்டோரில் போடும் சுருக்கம்

கேப்ஷனைத் தட்டி வருகிறவர் அடுத்துப் பார்ப்பது ஸ்டோர் பக்கத்தை. பிளேயில் ஆப் பெயருக்கு 30 எழுத்து, சுருக்க விவரத்துக்கு 80. கேப்ஷன் சொன்னதையே அங்கும் பார்த்தால்தான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கை வரும். மேலே உள்ள ஆப்புக்கு இப்படி எழுதலாம்:

> ஸ்டாப்பைத் தட்டினால் அடுத்த பஸ் நேரம். நெட் இல்லாமலும் அட்டவணை பார்க்கலாம்.

இது 75 எழுத்து. இங்கேயும் "நெட் இல்லாமலும்" என்பது "அட்டவணை" என்பதோடுதான் சேர்ந்து நிற்கிறது, கவனியுங்கள்.

போடும் முன் ஒரு சோதனை

ஆப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத, தினமும் பஸ்ஸில் போகிற ஒருவரிடம் கேப்ஷனை மட்டும் கொடுங்கள். படித்து முடித்ததும் போனை வாங்கிக்கொண்டு இதைக் கேளுங்கள்: "பஸ் பத்து நிமிடம் லேட். ஆப்பில் என்ன தெரியும்?" நேரலைத் தடம் என்றால் தெரியும், மற்றதில் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டால் கேப்ஷன் தேறிவிட்டது. "ஆப்பில் லேட்டுன்னு காட்டும்" என்று பொதுவாகச் சொன்னால் அந்தப் பத்தியைத் திருத்துங்கள், அவருக்கு விளக்கிக்கொண்டு இருக்காதீர்கள். கேப்ஷனோடு நீங்கள் எல்லார் கூடவும் போக முடியாது.

போடும் நேரத்தைப் பொறுத்தவரை, வேலை நாளின் முந்தைய மாலை நல்லது. வீட்டில் நிதானமாக டவுன்லோடு செய்து தங்கள் ஸ்டாப்பைத் தேடி வைத்துக்கொள்வார்கள், மறுநாள் காலையே பயன்படுத்திப் பார்ப்பார்கள். விடுமுறைக்கு முந்தைய நாளைத் தவிர்த்துவிடுங்கள். விடுமுறை நாள்களில் ஓடும் பஸ்கள் வேறு. அந்த மாற்றங்கள் `calendar_dates.txt` கோப்பில் சரியாக ஏறியிருக்கிறதா என்பது ஆப்பின் முதல் நாளில் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல.

முதல் நாள் கமெண்ட்கள்

முதல் சில மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் "என் தடம் இல்லையே" என்பதாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் "விரைவில்" என்று போடாதீர்கள், தேதி தெரியாத விரைவில் யாருக்கும் பயன்படாது. அந்தத் தடத்துக்குத் தரவு இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். "இந்தத் தடத்தின் அட்டவணை இன்னும் வெளியிடப்படவில்லை, வந்ததும் சேர்ப்போம்" என்றால் அவருக்கு நிலைமை புரியும்.

"7.42 பஸ் வரவில்லை" என்று வந்தால், முதலில் தட எண்ணையும் ஸ்டாப்பையும் கேட்டு, அந்த நேரம் `timepoint` 0 உள்ளதா என்று பாருங்கள். தோராய நேரம் என்றால் அதையே பதிலாகச் சொல்லுங்கள்: "அந்த ஸ்டாப்பின் நேரம் தோராயமானது, இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம்." ஒரே தடத்தைப் பற்றிப் பலர் ஒரே மாதிரி எழுதினால் அட்டவணையே மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அந்தத் தடத்தின் எண்ணை எழுதி, "சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை இந்தத் தடத்தின் நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்" என்று ஒரு கமெண்டைப் போட்டு மேலே பொருத்திவையுங்கள். சரியானதும் அந்தக் கமெண்டின் கீழேயே, எந்தத் தேதியிலிருந்து நேரம் சரி என்பதையும், ஆப்பைப் புதுப்பிக்க வேண்டுமா அல்லது தானாக மாறிவிடுமா என்பதையும் எழுதுங்கள்.